டைட்டானிக் அட்டவணையை எப்படி வரைவது?

டைட்டானிக் மூழ்கி மூன்றரை மாதம் கழித்து, 1912 ஜூலை 30 அன்று, லண்டனில் மெர்சி பிரபுவின் விசாரணை அறிக்கை வெளியானது. கப்பலில் யார் யார் இருந்தார்கள், யார் யார் பிழைத்தார்கள் என்ற கணக்கு அதில் உண்டு. இருந்தவர்கள் 2,201 பேர், பிழைத்தவர்கள் 711 பேர். முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர் தப்பினார்கள். இரண்டாம் வகுப்பில் 285 பேரில் 118, மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178, கப்பல் ஊழியர்கள் 885 பேரில் 212.

எட்டே எட்டு எண்கள். ஓர் அலுவலகத்தில் யாரிடமாவது இதை எக்செல்லில் கொடுத்து, “பிழைச்சவங்க கணக்குக்கு ஒரு சார்ட் போட்டுக் குடுங்க” என்று கேட்டால், பெரும்பாலும் திரும்பி வருவது ஒரு பை சார்ட். பள்ளிக்கூடப் புத்தகம் இதை வட்ட விளக்கப்படம் என்கிறது. நான்கு நிறம், நான்கு துண்டு, பார்க்க அழகாகவே இருக்கும். ஊழியர்கள் 30 சதவீதம், முதல் வகுப்பு 29, மூன்றாம் வகுப்பு 25, இரண்டாம் வகுப்பு 17. எண்களைச் சற்று முழுமையாக்கியதால் கூட்டினால் 101 வரும். அது பிரச்சினை இல்லை.

பிரச்சினை வேறு. இந்த வட்டத்தைப் பார்ப்பவர் ஒரு முடிவுக்கு வருவார்: கப்பல் ஊழியர்களும் பணக்காரப் பயணிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் தப்பித்திருக்கிறார்கள், மூன்றாம் வகுப்பினர் கொஞ்சம்தான் பின்தங்கியிருக்கிறார்கள். நடந்ததோ நேர்மாறு. முதல் வகுப்பில் நூற்றுக்கு 62 பேர் பிழைத்தார்கள். ஊழியர்களில் நூற்றுக்கு 24 பேர்தான்.

எண்ணில் பிழை இல்லை, படத்திலும் பிழை இல்லை. பார்ப்பவர் மனதில் இருந்த கேள்வி ஒன்று, படம் பதில் சொன்ன கேள்வி வேறொன்று.

அந்த வட்டத்துக்குப் பொருத்தமான கேள்வியும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்ட கார்பேத்தியா கப்பல் ஏப்ரல் 18 இரவு நியூயார்க் வந்து சேர்ந்தது. கரையில் அவர்களுக்குத் தங்குமிடமும் துணிமணியும் ஏற்பாடு செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரிய வேண்டியது, வந்திறங்கும் கூட்டத்தில் யார் எத்தனை பங்கு என்பதுதான். வேலையும் போய்க் கையில் காசும் இல்லாமல் நிற்கும் ஊழியர்கள் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறார்கள் என்ற செய்தி அவருக்குத் தேவை. முழுமை என்பது இங்கே 711 பேர். அதற்குள் யார் எவ்வளவு என்று கேட்கிறார். வட்டம் அதை ஒழுங்காகச் சொல்லிவிடும்.

“யாருக்குத் தப்பிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது?” என்று கேட்பவருக்கு முழுமை 711 அல்ல. அவர் நான்கு கூட்டங்களைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் பிழைத்தது என்று பார்த்து, அந்த நான்கு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இது ஒப்பிடும் கேள்வி. இதற்குப் பட்டை வரைபடம், அதாவது பார் சார்ட். முதல் வகுப்பு 62, இரண்டாம் வகுப்பு 41, மூன்றாம் வகுப்பு 25, ஊழியர்கள் 24. நான்கு பட்டைகளும் ஒரே தரையில் நிற்கின்றன. உச்சி எங்கே இருக்கிறது என்று கண் ஒரு நொடியில் பிடித்துவிடுகிறது. கண்ணுக்கு இது எவ்வளவு எளிது என்பதை 1984இல் வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் சோதித்தே பார்த்தார்கள். ஒரே அளவுகோலில் நிற்கும் உயரங்களை மனிதர்கள் கிட்டத்தட்டச் சரியாகக் கணிக்கிறார்கள். கோணங்களைக் கணிப்பதில் தடுமாறுகிறார்கள். 30, 29, 25 என்ற மூன்று துண்டுகளில் எண்ணை அழித்துவிட்டு எது பெரியது என்று கேட்டால் அந்தத் தடுமாற்றம் உடனே தெரிந்துவிடும்.

இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்வதால் வரும் ஒரு விபத்தை அறிக்கைகளில் அடிக்கடி காணலாம். பிழைத்த சதவீதங்களான 62, 41, 25, 24 ஆகியவற்றையே எடுத்து யாராவது பை சார்ட்டாகப் போட்டுவிடுவார்கள். எக்செல் முணுமுணுக்காது. நான்கையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை முழு வட்டமாக வைத்து, அழகாக வரைந்து கொடுத்துவிடும். முதல் வகுப்புக்கு வட்டத்தில் 41 சதவீத இடம் கிடைக்கும். அந்த 41 எதன் சதவீதம்? எதனுடையதும் அல்ல. கண்டுபிடிக்கும் வழி எளிது: துண்டுகளின் மேல் எழுதியிருக்கும் சதவீதங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இங்கே 152 வரும். நூறைத் தாண்டினாலோ, நூறுக்கு வெகுவாகக் குறைந்தாலோ, ஒரே ஆள் இரண்டு துண்டுகளில் எண்ணப்பட்டிருந்தாலோ, அது ஒரு முழுமையின் பங்குகள் அல்ல, வட்டத்துக்குள் வர வேண்டிய எண்களும் அல்ல. “எந்தெந்தச் செயலியைப் பயன்படுத்துகிறீர்கள்?” என்று கேட்டு, ஒருவரே மூன்று பதில் சொல்லும் கருத்துக்கணிப்புகள் இந்தக் குழியில் வழக்கமாக விழுகின்றன.

பட்டைக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. அதன் தரை பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். முதல் வகுப்பின் 62, ஊழியர்களின் 24ஐப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம். இடம் மிச்சமாகட்டும் என்று அச்சை 20இலிருந்து தொடங்கினால், ஒரு பட்டைக்கு 42 அளவு உயரமும் மற்றதற்கு 4 அளவு உயரமும் மிஞ்சும். பத்து மடங்கு வித்தியாசமாகத் தெரியும். உயரமே செய்தியாக இருக்கும் படத்தில் உயரத்தின் காலை வெட்டினால் செய்தியும் மாறிவிடும். புள்ளி வைத்தோ கோடு இழுத்தோ வரையும் படங்களுக்கு இந்தக் கண்டிப்பு இல்லை. அங்கே கண் பார்ப்பது இடத்தையும் சரிவையும்தான். போகிற போக்கில் இன்னொன்று: வகுப்புகளைக் கோட்டால் இணைப்பவர்களும் உண்டு. முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவே எந்த வகுப்பும் கிடையாது. அந்தக் கோடு எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியாது. கோடு, காலம்போல ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிற விஷயத்துக்கு.

ஒப்பிடும் கேள்வியை இன்னும் கொஞ்சம் தோண்டினால் டைட்டானிக் அட்டவணை ஓர் அதிர்ச்சி தருகிறது. இரண்டாம் வகுப்பில் 41 சதவீதம் பேர் பிழைத்தார்கள் என்றதும், எல்லாவற்றிலும் அவர்கள் நடுவில் இருந்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். வயது வந்த ஆண்களை மட்டும் பிரித்தெடுத்தால், இரண்டாம் வகுப்பில் 168 பேரில் 14 பேர்தான் பிழைத்திருக்கிறார்கள், 8 சதவீதம். மூன்றாம் வகுப்பு ஆண்கள் 462 பேரில் 75 பேர், 16 சதவீதம். முதல் வகுப்பு ஆண்கள் 175 பேரில் 57 பேர், 33 சதவீதம். கப்பலிலேயே மிக மோசமான வாய்ப்பு இரண்டாம் வகுப்பு ஆண்களுக்குத்தான். அந்த வகுப்பின் 41 சதவீதத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்களும் குழந்தைகளும்: பெண்கள் 93 பேரில் 80 பேர் பிழைத்தார்கள், குழந்தைகள் 24 பேரும் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பிலோ பெண்கள் 165 பேரில் 76, குழந்தைகள் 79 பேரில் 27.

ஊழியர்களும் மூன்றாம் வகுப்பினரும் 24, 25 என்று ஒட்டி நின்றதும் இதேபோலக் கலைகிறது. ஊழியர்களில் பெண்கள் வெறும் 23 பேர். ஆண்களை மட்டும் எடுத்தால் ஊழியர்களில் 22 சதவீதம், மூன்றாம் வகுப்பில் 16 சதவீதம். உயிர்காக்கும் படகுகளைச் செலுத்த ஒவ்வொன்றிலும் சில ஊழியர்கள் ஏற வேண்டியிருந்தது என்பது இதற்கு ஒரு காரணம். ஆக, நான்கு பட்டைகள் போதாது. ஆண், பெண், குழந்தை என்று மூன்று கொத்துகள் வேண்டும்; ஒவ்வொரு கொத்திலும் வகுப்புப் பட்டைகள் அடுத்தடுத்து நிற்க வேண்டும். எதைக் கொத்தாக்குவது என்பதும் கேள்வியைப் பொறுத்ததுதான். வகுப்புகளை ஒப்பிடுவதானால் அவை பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரே வகுப்புக்குள் ஆண், பெண் வித்தியாசத்தைக் காட்டுவதானால் கொத்தை மாற்றிக் கட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பதைத்தான் கண் முதலில் ஒப்பிடும்.

மூன்றாவது கேள்வி, பரவல். இதற்கு மெர்சியின் கணக்கு உதவாது. ஆள் ஆளாகப் பட்டியல் வேண்டும். டேட்டா சயன்ஸ் படிக்கும் மாணவர்கள் உலகம் முழுக்கக் கைப்பழக்கத்துக்கு வைத்திருக்கும் ஒரு டைட்டானிக் பட்டியல் இருக்கிறது. அதில் 891 பயணிகளின் பெயர், வயது, டிக்கெட் எண், கட்டணம் எல்லாம் உண்டு. கட்டணத்தின் சராசரி 32 பவுண்டு. “டைட்டானிக் பயணி சராசரியாக 32 பவுண்டு கொடுத்தார்” என்று ஒரு பட்டையை நிறுத்திவிட்டுப் போய்விடலாம். இந்தப் பட்டியலில் நான்கில் மூன்று பேரின் கட்டணம் 31 பவுண்டு அல்லது அதற்கும் கீழே. வரிசையில் நட்ட நடுவே நிற்பவரின் கட்டணம் 14 பவுண்டு சொச்சம். அதாவது அந்தச் “சராசரிப் பயணி” பெரும்பாலானோரைவிட அதிகம் கொடுத்தவர்.

சராசரி சொல்லாமல் விட்டதைச் சொல்வது ஹிஸ்டோகிராம். பாடநூலில் நிகழ்வுச் செவ்வகம். கட்டணத்தைச் சம அளவுள்ள படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் என்று செவ்வகம் எழுப்புவது. பார்க்கப் பட்டை வரைபடம் போலவே இருப்பதால் இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். பட்டை வரைபடத்தில் வகுப்புகளை இடம் மாற்றி வைக்கலாம், இடைவெளி விடலாம். இங்கே கீழே இருப்பது எண்கோடு. வரிசையை மாற்ற முடியாது, செவ்வகங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும், இடைவெளி தெரிந்தால் அங்கே ஆளே இல்லை என்று பொருள்.

படி எவ்வளவு அகலம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிகக் கூடிய கட்டணம் 512 பவுண்டு சொச்சம். பல மென்பொருள்கள் தாமாகவே பத்து படியாக வெட்டிவிடும், படிக்கு 51 பவுண்டு. அப்படி வரைந்தால் முதல் செவ்வகத்தில் மட்டும் 732 பேர், அடுத்ததில் 106, அதற்கடுத்து 31, பிறகு உதிரியாகச் சிலர், கடைசியில் தன்னந்தனியாக 3 பேர். ஒரு பெரிய கோபுரமும் பக்கத்தில் கொஞ்சம் சரளைக் கல்லும். “பெரும்பாலோர் குறைவாகக் கொடுத்தார்கள்” என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

படியை ஒரு பவுண்டாகக் குறைத்தால் கோபுரம் உடைந்து உள்ளே இருந்தவை வெளியே வருகின்றன. 7, 8 பவுண்டு பக்கம் ஒரு பெரிய கூர்முனை. மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. 8.05 பவுண்டு என்று 43 பேர், 7.8958 என்று 38 பேர். தசமம் வினோதமாக இருக்கிறதே என்றால், அது அந்தக் காலப் பணம்: 7 பவுண்டு 17 ஷில்லிங் 11 பென்ஸ். 13 பவுண்டில் இன்னொரு முனை, 42 பேர். அது இரண்டாம் வகுப்பு. 26 பவுண்டில் இன்னொன்று, 31 பேர்.

இந்த 26 சும்மா விடக்கூடியது அல்ல. பதின்மூன்றின் இரட்டிப்பு. அங்கே இருப்பவர்களில் பலர் இரண்டாம் வகுப்புத் தம்பதிகள். இருவருக்கும் ஒரே டிக்கெட், அந்த டிக்கெட்டின் மொத்த விலை இருவர் பெயருக்கு நேரேயும் எழுதப்பட்டிருக்கிறது. வலது ஓரத்தில் தனியே நின்ற அந்த மூன்று பேரும் ஒரே டிக்கெட்டுக்காரர்கள்தான். 512 பவுண்டு மூவருக்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது. இடது ஓரத்தில் கட்டணம் பூஜ்ஜியம் என்று 15 பேர். அவர்களில் கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸும் ஒருவர். கப்பல் கட்டிய நிறுவனத்தின் ஆள் என்பதால் டிக்கெட் வாங்கவில்லை. ஆக, “கட்டணம்” என்ற தலைப்பின் கீழ் இருப்பது ஆள் கொடுத்த கட்டணமே அல்ல, டிக்கெட்டின் விலை. 32 பவுண்டு சராசரி எந்தப் பயணியின் செலவையும் சொல்லவில்லை என்பது அந்தச் செவ்வகங்களைக் குறுக்கிய பிறகுதான் தெரியவருகிறது. பரவலைக் கேட்பவர் ஒரு படியளவோடு நிறுத்தாமல், இரண்டு மூன்று அளவுகளில் வரைந்து பார்ப்பது அதனால்தான். அளவை மாற்றியதும் மறைந்துபோகும் மேடு பெரும்பாலும் தற்செயல். எந்த அளவிலும் நிற்கும் மேட்டுக்குப் பின்னால் ஏதோ காரணம் இருக்கும்.

மிஞ்சியிருப்பது உறவு: ஒன்று கூடினால் மற்றொன்று கூடுகிறதா, குறைகிறதா? ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வைத்து, கீழே ஓர் அளவு, பக்கவாட்டில் ஓர் அளவு என்று வரைவது சிதறல் வரைபடம். டைட்டானிக்கில் வயதையும் கட்டணத்தையும் இப்படி வரைந்தால் மூட்டமாகப் புள்ளிகள் கிடக்கும், சொல்லும்படி உறவு இல்லை. இந்தக் கேள்விக்கு டைட்டானிக்கை விட்டுவிட்டு, 74 ஆண்டுகள் கழித்து நடந்த இன்னொரு விபத்துக்குப் போவது நல்லது.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 நொடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இணைப்பில் இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, சூடான வாயுவைத் தடுக்கத் தவறியது காரணம் என்று ரோஜர்ஸ் விசாரணைக் குழு கண்டது. முந்தின நாள் இரவு, ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று நாசாவிடம் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவர்களைத் திருப்பிக் கேட்டார்கள்.

ஆதாரம் முந்தைய பயணங்களில் இருந்தது. அதற்கு முன் 24 முறை ஏவியிருந்தார்கள். ஒரு முறை ராக்கெட்டுகள் கடலில் மூழ்கிப்போக, மீதி 23 பயணங்களின் வளையங்களைப் பரிசோதித்திருந்தார்கள். அவற்றில் ஏழில் சேதம். விவாதம் அந்த ஏழைச் சுற்றியே நடந்தது. ஏழையும் வெப்பநிலைப்படி வரைந்தால் 53, 57, 58, 63, பிறகு 70இல் இரண்டு, 75இல் ஒன்று, எல்லாம் ஃபாரன்ஹீட். கூடுதல் சேதம் 53இலும் இருக்கிறது, 75இலும் இருக்கிறது, நடுவில் எல்லாம் ஒன்றிரண்டு. குளிரிலும் கெடுகிறது, கதகதப்பிலும் கெடுகிறது. தொடர்பு எதுவும் இல்லை என்று யாரும் சொல்லிவிடலாம்.

விட்டுப்போனவை சேதம் இல்லாத 16 பயணங்கள். அவற்றையும் அதே படத்தில் பூஜ்ஜியக் கோட்டின் மேல் வைத்தால் 16 புள்ளிகளும் 66 டிகிரியிலும் அதற்கு வலப்பக்கமும் போய் விழுகின்றன. 65 டிகிரிக்குக் கீழே நடந்த பயணங்கள் நான்கு, நான்கிலும் சேதம். அதற்கு மேலே 19, சேதம் மூன்றில்தான். ஏழு புள்ளியில் தெரியாத உறவு இருபத்து மூன்றில் பளிச்சென்று தெரிகிறது. ரோஜர்ஸ் குழு தன் அறிக்கையில் இரண்டு படங்களையும் போட்டுக் காட்டியது. “சேதம் எப்போது வந்தது?” என்று கேட்டால் ஏழு புள்ளி போதும். “வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் உறவு உண்டா?” என்று கேட்டால் சேதம் வராத நாட்களும் சாட்சி சொல்ல வேண்டும். சிதறல் படத்தை நம்பும் முன் அதில் இல்லாத புள்ளிகள் எவை, யார் எடுத்தார்கள் என்று விசாரிப்பது அதனால்தான்.

இதை வைத்து, ஒழுங்காக ஒரு படம் போட்டிருந்தால் ஏழு உயிர் தப்பியிருக்கும் என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. அது பொறியாளர்களுக்குச் செய்யும் அநியாயம். ஏவ வேண்டாம் என்று சொன்னவர்களே அவர்கள்தான். சொன்னதைக் கேட்காமல் போனது வேறு மேசைகளில். படத்திலும் ஒரு சிக்கல் உண்டு. புள்ளிகள் எல்லாம் ராக்கெட் இணைப்பின் வெப்பநிலை. அன்று காலை கிளம்பும்போது இருந்ததாக எல்லோரும் சொல்லும் 36 டிகிரி காற்றின் வெப்பநிலை. இரண்டையும் ஒரே அச்சில் வைத்தால் பவுண்டு டிக்கெட்டையும் பயணியையும் குழப்பிய அதே கதை.

ஆனாலும் காற்றைக் காற்றோடே ஒப்பிட்டாலும், அன்றைய காலை அதற்கு முந்தைய எந்த ஏவுதலையும்விட 15 டிகிரி குளிர். சிதறல் படத்தின் அச்சை இடப்பக்கம் அவ்வளவு தூரம் நீட்டி வரைந்தால் 53இல் இருக்கும் ஒற்றைப் புள்ளியோடு எல்லாம் முடிந்துவிடும். அதற்கு அந்தப் பக்கம் வெற்றுக் காகிதம்.